சம்பா நாற்றுவிடும் முன் இருப்பைச் சரிபார்ப்பது எப்படி?

சம்பா சாகுபடிக்கு நாற்றுவிட மூன்று வாரம் இருக்கும்போதே விதை, உரம், தெளிப்பான் மூன்றையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். விதையின் முளைப்பைத் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும். குறை இருந்தால் மாற்று விதை வாங்கவும் அவகாசம் வேண்டும்.

விதை

மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும் விதை எடுத்துக் கலந்து, நூறு நூறாக நான்கு பங்கு எண்ணிக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். எட்டாம் நாள் வேரும் முளைக்குருத்தும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். இரண்டு ஏக்கரில் மத்திய கால ரகம் நடவு செய்ய, ஏக்கருக்கு 16 கிலோ வீதம் 32 கிலோ விதை தேவை. சோதனையில் 62, 66, 65, 63 என முளைத்திருந்தால் சராசரி 64. அப்போது 32-ஐ 80-ஆல் பெருக்கி 64-ஆல் வகுக்க, 40 கிலோ வரும். ஆக, 8 கிலோ கூடுதலாக வேண்டும். சராசரி 60-க்கும் கீழே போனால் அளவைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம். முளைத்தவையும் வீரியம் குறைந்து, நாற்று ஏற்ற இறக்கமாக வரும்.

அண்மையில் அறுவடை செய்த விதை குறைவாக முளைத்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். முளைக்காதவை கெட்டியாக, பூசணம் இல்லாமல் இருந்தால் அது விதை உறக்கமாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். பிசுபிசுத்துப் பூசணம் பிடித்திருந்தால் அவை செத்த விதைகள்.

உரம்

பிரித்த மூட்டையை முழு மூட்டையாகக் கணக்கில் எழுதுவதால்தான் மேலுரத்தில் பற்றாக்குறை வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உண்டு. மீதம் 28 கிலோதான் என்றால் அதில் இருப்பது 13 கிலோ. எனவே எடை போட்டே எழுதுங்கள். கட்டியான யூரியாவை உடைத்துப் பயன்படுத்தலாம். கரைந்து ஒழுகியிருந்தால் அந்த அளவு சத்து போய்விட்டது. மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களில் காலாவதி தேதியைப் பாருங்கள்.

தெளிப்பான்

வெறும் தண்ணீர் நிரப்பி அடித்து, கைப்பிடியிலும் குழாய் இணைப்பிலும் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். அடுத்து, ஒரு நிமிடத்தில் நாசிலில் வரும் நீரை வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். புது நாசிலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் வந்தால் துளை தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் அடித்தால் மருந்து அளவு கூடிப் பயிர் கருகும்.