மூன்று மணி நேரத் தமிழ்த் தேர்வுக்கான கவன நீடிப்புப் பயிற்சி

கவன நீடிப்புப் பயிற்சி என்பது, நீண்ட எழுத்துத் தேர்வு முழுவதும் சிதறாமல் எழுதுவதற்காக, கடிகாரம் வைத்து எழுதும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையாகும். பாடத்தைப் படிப்பது வேறு, படித்ததை மூன்று மணி நேரம் இடைவிடாமல் எழுதுவது வேறு. இந்தப் பயிற்சி இரண்டாவதைச் சார்ந்தது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வின் தமிழ்த் தாளை, விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர்கள் எழுதும் சூழலில் வைத்து இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

## பின்னணி

பத்தாம் வகுப்புத் தமிழ் முன்பு முதல் தாள், இரண்டாம் தாள் என இரு நாள்களில் நடந்தது. 2019-2020 கல்வியாண்டில் இரண்டும் ஒரே தாளாக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே தேர்வு நேரமும் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. ஆகவே, இந்த ஒரே தாளை மாணவர்கள் பொதுத்தேர்வில் முதன்முதலாக எழுதியது 2022 மே மாதத்தில்தான்.

தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிப்பதற்கும், அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் உரியவை. எழுதும் நேரம் 10.15 முதல் 1.15 வரை. ஆக, மாணவர் ஒரே இடத்தில் 195 நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். பள்ளியில் ஒரு பாடவேளை ஏறத்தாழ 40 முதல் 45 நிமிடமே. அதற்குள்ளும் ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பார், இடையிடையே எழுதுவார். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் வாய்ப்பு காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் மட்டுமே கிடைக்கிறது. மேலும், பொதுத்தேர்வு வரிசையில் தமிழே முதல் தேர்வாக வருவது வழக்கம் என்பதால், அதற்கு முன் வேறு பாடத்தில் எழுதிப் பழகிக்கொள்ளவும் இயலாது.

## கவனம் எப்போது குறைகிறது

நீண்ட நேரக் கவனம் பற்றிய பழைய ஆய்வுகளுள் புகழ்பெற்றது நார்மன் மாக்வொர்த் 1948-இல் வெளியிட்டது. கடிகார முள் போன்ற ஒரு முள்ளை இரண்டு மணி நேரம் பார்த்திருந்து, அது அரிதாக இரட்டைத் தாவல் தாவும்போது சொல்ல வேண்டும் என்பதே அதில் தரப்பட்ட வேலை. முதல் அரை மணி நேரத்துக்குப் பின் தவறவிடுதல் கூடியது. தேர்வு எழுதுவது முள்ளைப் பார்த்திருப்பது போலச் சலிப்பான வேலை அன்று. வினாக்கு வினா வேலை மாறுகிறது. எனவே கவனம் அதே நேரத்தில் குறையும் என்று கொள்ள முடியாது. எப்போது குறைகிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் தம் விடைத்தாளிலேயே அளந்து அறிய வேண்டும்.

தமிழ்த் தாளில் அதன் அறிகுறிகள் தெளிவாகத் தெரியும். ஒற்றெழுத்துகள் விடுபடும், மெய்யெழுத்தின் புள்ளி மறையும், லகர ளகர ழகரமும் ரகர றகரமும் இடம் மாறும். வரியின் நடுவே ஒரு சொல் காணாமல் போகும், வினா எண் தவறும், ஒரே வினாவை இருமுறை படித்த பிறகே பொருள் பிடிபடும். முதல் மணியில் எழுதிய ஒரு பக்கத்தையும் மூன்றாம் மணியில் எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பிழைகளை எண்ணினால் வேறுபாடு புலப்படும்.

## வினாத்தாளின் பகுதிகளும் நேரமும்

பயிற்சியின் படிகளை வினாத்தாளின் ஐந்து பகுதிகளே அமைத்துத் தருகின்றன. பகுதி 1-இல் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். பகுதி 2-இல் எழுத வேண்டியவை 9 இரண்டு மதிப்பெண் வினாக்கள். பகுதி 3-இல் 6 மூன்று மதிப்பெண் வினாக்கள். மனப்பாடப் பாடல் இதில் வரும். பகுதி 4-இல் 5 ஐந்து மதிப்பெண் வினாக்கள். பகுதி 5-இல் 3 எட்டு மதிப்பெண் நெடுவினாக்கள். மொத்தம் 100 மதிப்பெண்.

ஒரு மதிப்பெண் வினாவுக்கு 1 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 3, மூன்றுக்கு 5, ஐந்துக்கு 7, நெடுவினாவுக்கு 17 என்று வைத்தால், பகுதிகளுக்கு முறையே 15, 27, 30, 35, 51 நிமிடம் ஆகும். கூட்டினால் 158. சரிபார்க்கவும் அடிக்கோடிடவும் 22 நிமிடம் மிஞ்சும். இது ஒரு மாதிரிக் கணக்கே. எழுதும் வேகம் வேறுபட்டால் அவரவர் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

## படிநிலைகள்

- முதல் நிலை, 45 நிமிடம்: பகுதி 1, 2.
- இரண்டாம் நிலை, 75 நிமிடம்: பகுதி 1 முதல் 3 வரை.
- மூன்றாம் நிலை, 110 நிமிடம்: பகுதி 1 முதல் 4 வரை.
- நான்காம் நிலை, 125 நிமிடம்: மேற்கண்டவற்றுடன் ஒரு நெடுவினா.
- ஐந்தாம் நிலை, 160 நிமிடம்: ஐந்து பகுதிகளும்.
- ஆறாம் நிலை, 195 நிமிடம்: படிக்கும் நேரம், சரிபார்க்கும் நேரம் உட்பட முழுத் தேர்வு.

வாரத்திற்கு இரண்டு அமர்வுகள் போதும். ஒவ்வொரு நிலையையும் குறைந்தது இருமுறை எழுதினால், பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்குபவர் மார்ச் முதல் பாதிக்குள் ஆறு நிலைகளையும் முடிக்க இயலும். அமர்வின்போது புத்தகம், கைப்பேசி, எழுந்து நடத்தல் ஆகியவை கூடாது. குடிநீர் மட்டும் அருகில் இருக்கலாம். ஒவ்வொரு பகுதியும் முடிந்த நேரத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். திட்டமிட்ட நேரத்துக்குள் முடிந்து, கடைசிப் பக்கத்தின் பிழை முதல் பக்கத்தின் பிழையைப் போல இரு மடங்கைத் தாண்டாதிருந்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். இல்லையெனில் அதே நிலையை மீண்டும் எழுத வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஒரு நிலை கீழிறங்கித் தொடங்குவது நல்லது.

## களைப்பா, படிப்புக் குறைவா

ஒரு பகுதி தாமதமானால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: விடை தெரியாமை, கை வலி, கவனக் களைப்பு. இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, ஒரே பகுதியை இருமுறை எழுதிப் பார்ப்பதாகும். ஒரு நாள் அதை மட்டும் புத்துணர்ச்சியோடு எழுத வேண்டும். மற்றொரு நாள் அதே அளவு கடினமான வேறொரு வினாத்தாளில், முந்தைய பகுதிகளை எழுதிய பின் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வரும் ஒரு மாணவியைக் கொள்வோம். பகுதி 4-ஐ மட்டும் தனியாக எழுதியபோது அவருக்கு 36 நிமிடம் ஆனது, பிழைகள் 4. முதல் மூன்று பகுதிகளைச் சரியான நேரத்தில் முடித்துத் தொடர்ந்து எழுதியபோது 46 நிமிடம் ஆனது, பிழைகள் 11. விடை தெரியாததே காரணம் என்றால் முதல் நாளும் தாமதமாகியிருக்கும். ஆகவே 10 நிமிட வேறுபாடு களைப்பினால் வந்தது. கையெழுத்து பெரிதாகிக் கோணலாகியிருந்தால், அல்லது கட்டை விரலடி வலித்திருந்தால், கையே காரணம் எனலாம். அப்போது பேனாவை இறுகப் பிடிப்பதைத் தளர்த்துவதும், எளிதில் எழுதும் பேனாவுக்கு மாறுவதுமே தீர்வு. இவர் கையெழுத்து மாறவில்லை. பிழைகள் மட்டுமே கூடின. எனவே குறைந்தது கவனமே.

இந்நிலையிலேயே அவர் முழுத் தேர்வு எழுதினால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். பகுதி 4-இல் திட்டத்தைவிட 11 நிமிடம் கூடுதல். களைப்பு மிகும் பகுதி 5-இல் 14 நிமிடம் கூடினால், 158 என்பது 183 ஆகும். சரிபார்க்கும் 22 நிமிடமும் கரைந்து, கடைசி நெடுவினாவின் முடிவுரையும் விடுபடும். முழுத் தேர்வை மட்டும் எழுதிப் பார்ப்பவர் இதை 'நேரம் போதவில்லை' என்று முடித்துவிடுவார். படிப்படியாக அளந்த இவருக்கோ இடர் 75-ஆம் நிமிடத்துக்குப் பின்னர் தொடங்குவது தெரிகிறது. எனவே மூன்றாம் நிலையை இன்னும் இரண்டு, மூன்று முறை எழுதிய பிறகே நான்காம் நிலைக்குச் செல்ல வேண்டும்.

## கடைசி மணி நேரம்

இம்முறையில் ஒரு குறை உண்டு. எப்போதும் பகுதி 1-இலிருந்தே தொடங்கினால், எளிய பகுதிகளுக்கே மிகுந்த பயிற்சி கிடைக்கும். 24 மதிப்பெண்ணுக்குரிய நெடுவினாக்களோ கடைசி நிலைகளில் மட்டுமே வரும். இதைச் சரிசெய்ய, வாரத்தின் இரண்டு அமர்வுகளில் ஒன்றை மாற்றி அமைக்கலாம். ஒரு மணி நேரம் கணக்கோ அறிவியலோ எழுதிய பின், இடைவேளை இன்றித் தமிழ் நெடுவினா ஒன்றை எழுதுவதே அம்மாற்றம். மொத்த நேரம் 80 நிமிடத்துக்குள் முடியும். ஆனால் நெடுவினா களைத்த நிலையில் எழுதப்படும். சிலர் தேர்விலேயே நெடுவினாக்களை முதலில் எழுதுவர். அவ்வாறு செய்ய விரும்புவோர் பயிற்சியிலும் அதே வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

## நேரமும் இடமும்

மாலைத் தனிப்பயிற்சி முடிந்து இரவில் எழுதும் அமர்வுகள், பகல் முழுவதும் சேர்ந்த களைப்பையும் சேர்த்தே காட்டும். ஆகவே தொடக்க நிலைகளை எந்த நேரத்தில் எழுதினாலும், கடைசி இரண்டு நிலைகளை விடுமுறை நாளில் காலை 10 மணிக்கே தொடங்குவது பொருத்தம். தேர்வு நாளன்று உண்ணப்போகும் காலை உணவையே அன்றும் உண்ண வேண்டும். 12 மணிக்கு மேல் பசி எடுக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகல் வெயில் கடுமையானது. மின்விசிறிக்கு நேர்க்கீழே அமர்ந்து மட்டும் பழகியவருக்குத் தேர்வறையின் ஓர இருக்கை தொல்லையாகலாம். வீட்டில் இடையூறு மிகுதி என்றால் விழுப்புரம் மாவட்ட மைய நூலகம் போன்ற பொது நூலகங்களில் அமர்ந்து எழுதலாம்.

## வரம்புகள்

இப்பயிற்சி பொதுவான கவன ஆற்றலை வளர்ப்பதாகக் கொள்ளக் கூடாது. இந்த வினாத்தாளை, இந்தக் கால அளவில், இந்த வரிசையில் எழுதும் பழக்கத்தையே இது தருகிறது. தமிழில் பெற்ற பழக்கம் கணக்குத் தேர்வுக்கு அப்படியே உதவும் என்பதற்கு உறுதி இல்லை. விடை தெரியாத வினாவுக்கும் இது மருந்தாகாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு, மூன்று நாள்களில் முழு நீள அமர்வு வேண்டியதில்லை. அப்போது எழுதினால் கை வலியும் சோர்வும் தேர்வு நாள் வரை நீடிக்கக்கூடும். சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் அனுமதிக்கப்படும் மாற்றுத்திறனாளி மாணவர்கள், தங்களுக்குரிய மொத்த நேரத்தை வைத்துப் படிநிலைகளை வேறாக வகுத்துக்கொள்ள வேண்டும்.