சுவர் ஓரத்துக்கு எத்தனை டைல்?

தரைக்கு டைல்ஸ் வாங்குவது எளிது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிச் சதுர அடியைச் சொன்னால், இத்தனை பெட்டி என்று கடைக்காரரே வகுத்துச் சொல்லிவிடுவார். சுவரின் அடியில் பட்டையாக ஓடும் ஸ்கர்டிங்குக்கு வரும்போதுதான் கணக்கு கைமாறுகிறது. “தரைக்கு வாங்குறதோட ரெண்டு பெட்டி சேர்த்துப் போட்டுக்குங்க சார், பாத்துக்கலாம்” என்பார் மேஸ்திரி. அந்த இரண்டு பெட்டி சில வீடுகளில் மொட்டை மாடியில் வெயில் காய்கிறது. சில வீடுகளில் கடைசி அறைக்குப் போதாமல் போகிறது.

12க்கு 10 அடியில் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. அறைக்குள் நுழைய 3 அடி வாசல், குளியலறைக்கு இரண்டரை அடி வாசல். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 38½ அடி. தரைக்கு வாங்கிய அதே இரண்டடி டைலைப் பட்டைகளாக அறுத்து ஒட்டப் போகிறார்கள். 38½ஐ இரண்டால் வகுத்தால் 19¼. ஆக 20 பட்டை போதும் என்றுதான் தோன்றும்.

வாசலைக் கழிப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. ஸ்கர்டிங் கதவில் போய் முட்டுவதில்லை, நிலையில்தான் முட்டுகிறது. ஆகவே கதவுப் பலகையின் அகலத்தைக் கழிக்கக் கூடாது. நிலையின் ஒரு வெளி விளிம்பிலிருந்து மறு வெளி விளிம்பு வரை அளந்து கழிக்க வேண்டும். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள வாசலை இரண்டு அறையின் கணக்கிலும் கழிக்க வேண்டும் என்பதும் மறந்துபோகிற சங்கதி. கழித்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கவும் வேண்டியிருக்கும். 9 அங்குலச் சுவரில் 4 அங்குல நிலையை ஒரு பக்கப் பூச்சோடு ஒட்டி நிறுத்தினால், மறுபக்கம் நிலையின் இரு புறமும் ஐந்தைந்து அங்குலச் சுவர் தெரியும். ஸ்கர்டிங் அங்கேயும் திரும்பிப் போக வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட அறையில் இரண்டு நிலையும் உள்பக்கப் பூச்சோடு ஒட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதனால் சேர்க்க ஒன்றுமில்லை. சுவரைவிட்டு அரையடி துருத்தி நிற்கும் தூண் இருந்திருந்தால், அதன் இரு பக்கத்துக்குமாக ஓர் அடி கூடியிருக்கும்.

அடுத்தது, இரண்டடி டைல் உண்மையில் இரண்டடி இல்லை. பெட்டியின் மேல் 600 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டடி என்பது 610 மி.மீ. ஒரு டைலுக்குப் பத்து மி.மீ. போனால் என்ன என்று தோன்றலாம். 12 அடிச் சுவரின் நீளம் 3,658 மி.மீ. ஆறு பட்டை வைத்தால் 3,600 மி.மீ.தான் வரும். மீதி 58 மி.மீ. இடைவெளியில் பக்கத்துச் சுவர்ப் பட்டைகளின் கனமும் இணைப்பு இடுக்குகளும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அப்படியும் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தல் நிற்கும். அதை அடைக்க ஏழாவது பட்டையை அறுத்தாக வேண்டும்.

இதனால்தான் சுற்றளவை மொத்தமாக வகுக்காமல் சுவர் சுவராக எண்ண வேண்டியிருக்கிறது. இந்த அறையின் நான்கு சுவர்களிலும் முழுசாக உட்காரும் பட்டைகள் 18. மூலைகளிலும் நிலைகளின் ஓரத்திலும் வைக்க வேண்டிய வெட்டுத் துண்டுகள் ஆறு. அதில் மிகப் பெரியது ஓர் அடியைச் சற்றே தாண்டும். சிறியது 48 மி.மீ. மேஸ்திரி பொறுமைசாலியாக இருந்து, மிஞ்சும் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து அறுத்தால், ஆறையும் இரண்டே பட்டைகளில் முடித்து 20க்குள் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு துண்டுக்கும் புதுப் பட்டையை எடுத்தால் 24 ஆகும். இரண்டுக்கும் நடுவில் 22 என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

கட்டைவிரல் அகலத் துண்டை மூலையில் ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்காது. நல்ல வேலைக்காரர் ஒரு முழுப் பட்டையைக் குறைத்துக்கொண்டு, இரு மூலைகளிலும் ஓரடிக்குச் சற்று மேலான துண்டுகள் வருமாறு பிரித்து வைப்பார். தரை டைலின் இணைப்புக் கோடும் ஸ்கர்டிங்கின் இணைப்புக் கோடும் நேராக நிற்க வேண்டுமென்றால், தரையை எங்கிருந்து ஆரம்பித்தார்களோ அதன்படிதான் மூலைத் துண்டுகளும் அமையும். தரை போட்ட பிறகு ஸ்கர்டிங்கை எண்ணுவதுதான் சரி என்பது அதனாலேயே. ஆனால் டைல்ஸை அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும், அதுதான் சிக்கல்!

இனி, 22 பட்டைக்கு எத்தனை டைல்? “எல்லாரும் நாலு இஞ்ச்தான் வைப்பாங்க” என்ற வழக்கத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம். நாலு அங்குலம் என்பது 101.6 மி.மீ. 600 மி.மீ. டைலில் ஆறு பட்டைக்கே 609 வேண்டும். அறுக்கும்போது தூளாகிப் போவது தனி. ஆக ஒரு டைலில் ஐந்து பட்டைதான் கிடைக்கும். ஆறாவதாக மிஞ்சுவது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலான, உயரம் போதாத ஒரு துண்டு. உயரத்தை 95 மி.மீ. ஆக்கிவிட்டால் ஆறு பட்டையும் தாராளமாக வரும். இந்த அரை சென்டிமீட்டருக்கும் சற்று மேலான வித்தியாசத்தைச் சுவரில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் கணக்கில் தெரியும்: ஐந்து பட்டை வீதம் 22க்கு 5 டைல், ஆறு பட்டை வீதம் 4 டைல். இந்த அளவு டைல் பெட்டிக்கு நான்கு என்று வருவது வழக்கம். ஒரே பெட்டியில் முடிய வேண்டியது, ஐந்தாவது டைலுக்காக இரண்டாவது பெட்டியைத் திறக்க வைக்கிறது.

ஆறு பட்டை அறுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைலின் இரு ஓரப் பட்டைகளுக்கு மட்டுமே ஆலையில் வந்த வழவழப்பான விளிம்பு இருக்கும். அதை மேலே வைக்கலாம். நடுப் பட்டைகளின் இரண்டு விளிம்பும் அறுத்தவை. கண்ணில் படும் மேல் விளிம்பைத் தேய்த்துப் பாலிஷ் போடாவிட்டால் பூச்சு உதிர்ந்த பல்வரிசை போலத் தெரியும். கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது.

குளியலறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டும் டாடோவுக்கும் இதே கதைதான், இழப்பு மட்டும் பெரிது. 7க்கு 5 அடி அறை, இரண்டரை அடி வாசல், 600க்கு 300 மி.மீ. டைல் படுக்கை வாக்கில், ஏழு வரிசை. சுற்றளவை வகுத்தால் வரிசைக்கு 11, மொத்தம் 77 டைல். சுவர் சுவராகப் பார்த்தால் கதை வேறு. 7 அடிச் சுவருக்கு மூன்று முழு டைலும் 334 மி.மீ. துண்டும் வேண்டும். அந்தத் துண்டை அறுத்த பிறகு மிஞ்சுவது 266. கதவில்லாத 5 அடிச் சுவருக்குத் தேவையான துண்டு 324 மி.மீ. மிஞ்சியது அதற்கு எட்டாது. கதவோரத்து அரையடிக்கு மட்டுமே உதவும். ஆக வரிசைக்கு 12, மொத்தம் 84.

வேஸ்டேஜ் பத்து சதவீதம் சேர்த்தால் போதும் என்று சொல்வார்கள். 77க்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 85 வருகிறது. மூலை வெட்டுகளே அதை ஏறக்குறைய முழுக்கச் சாப்பிட்டுவிடுகின்றன. குழாய்க்குத் துளை போடும்போது உடைவதற்கும் வெளிமூலையில் 45 பாகையில் தேய்க்கும்போது சில்லு பெயர்வதற்கும் மிஞ்சுவது ஒரே ஒரு டைல். இந்த அறைக்கு 90 வாங்குவதே பாதுகாப்பு. பெட்டிகளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும்போதே பார்த்துவிட வேண்டும். பிறகு நாலு டைல் தேடிப் போனால், அதே பெயரில் அதே டிசைன் கிடைக்கும், நிறம் மட்டும் ஒரு படி மாறியிருக்கும்.