பாக்கு மட்டைத் தட்டு, துணிப்பை, காகிதப்பை: வீட்டளவில் தயாரிக்கும் முறை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் மீதான தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளுடன், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தெர்மாகோல் தட்டு, பார்வைக்குத் துணி போலவே இருக்கும் நெய்யாப் பைகள் ஆகியவையும் தடைப்பட்டியலில் உள்ளன. இவற்றின் இடத்தை நிரப்பக்கூடிய மூன்று பொருட்களை ஒரு வீட்டின் முன்கூடத்திலேயே செய்யலாம். மூன்றில் பாக்கு மட்டைத் தட்டுதான் கடினமானது என்பதால் இக்கட்டுரை அதை விரிவாகவும் பைகளைச் சுருக்கமாகவும் விளக்குகிறது.

மட்டையும் ஈரமும்

பாக்கு மரத்தில் இலை முற்றிக் காய்ந்ததும், தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் அகன்ற அடிப்பகுதியோடு தானாகக் கீழே விழும். அந்த அகன்ற பகுதியே மட்டை. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கமும் கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையம் பக்கமும் பாக்குத் தோப்புகள் மிகுதி. விழுந்த மட்டையை உடனே எடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழையில் நனைந்து தரையில் கிடந்த மட்டையில் கறை ஊறிவிடும். அதைத் தேய்த்துக் கழுவினாலும் போகாது. ஆகவே மழைக்காலத்துக்குத் தேவையான மட்டையையும் கோடையிலேயே வாங்கிக் கட்டுகளாகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைப்பார்கள்.

காய்ந்த மட்டையை அப்படியே அச்சில் வைத்தால் வெடித்துவிடும். முதலில் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, தேங்காய் நாரால் இருபுறமும் தேய்த்துக் கழுவி, நிழலில் நிறுத்தி நீரை வடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் வடிப்பது என்பதை மட்டையே சொல்லும். வளைத்தால் சடசடவென்று ஒலித்தால் ஈரம் போதாது. நகத்தால் அழுத்தும்போது நீர் கசிந்தால் ஈரம் அதிகம். ஒலியுமில்லாமல் கசிவுமில்லாமல் தோல் போல வளைவதே சரியான பக்குவம்.

அச்சு இரண்டு பகுதியாக இருக்கும். மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் மின்கம்பியால் சூடாகும். ஏறக்குறைய 80 முதல் 110 பாகை செல்சியசு வெப்பம் போதும். மட்டையின் வழவழப்பான உட்புறம் மேலே பார்க்கும்படி வைத்து, காலால் மிதித்தோ நீரியல் விசையாலோ ஒரு நிமிடம் அளவுக்கு அழுத்த வேண்டும். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து நாரை அந்த வடிவத்தில் நிற்க வைக்கின்றன. பசையோ வேறு பொருளோ சேர்ப்பதில்லை. அவசரப்பட்டு முன்கூட்டியே திறந்தால் தட்டின் விளிம்பு பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஈரம் மிகுந்த மட்டையில் ஆவி சீறி நடுப்பகுதி உப்பும். கருகல் வாசனையும் பழுப்புத் திட்டும் வந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். அச்சிலிருந்து வந்த தட்டு தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஐப்பசி மாதத்தில் 600 தட்டுகளைச் சூட்டோடு அடுக்கிக் கட்டி வைத்தது. பத்து நாள் கழித்துப் பிரித்தபோது குழிவான பக்கமெல்லாம் கரும்புள்ளி. துடைத்து அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார்கள். துடைத்தால் புள்ளி மறையும், பூஞ்சணம் நாருக்குள் இருக்கும் என்றேன். அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று.

இதைத் தவிர்க்க, தட்டுகளைத் தனித்தனியாக நிறுத்தி ஒரு முழுநாள் வெயிலில் காயவைத்து, பிறகு அடுக்கி மேலே எடை வைக்க வேண்டும். காய்ந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. சில தட்டுகளைக் கண்ணாடி போன்ற பாலிதீன் உறையில் கட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உறையின் உட்புறம் நீர்த்துளி படிந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. விறகு அல்லது மின்சூட்டில் இயங்கும் சிறிய உலர்த்தும் அறை இல்லாதவர்கள் அந்த மாதங்களில் புதிய ஆர்டர் ஏற்காமலிருப்பதே நல்லது.

ஓர் ஆர்டரின் கணக்கு

சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் 1,000 பத்து அங்குலத் தட்டுகள் கேட்கிறார் என்று கொள்வோம். நூற்றுக்குப் பதினைந்து கழிந்துபோகும் என்றால் சுமார் 1,180 மட்டை தேவை. மட்டையை வைத்து, அழுத்தி, எடுக்க ஒன்றுக்கு 2 நிமிடம் ஆனால் மணிக்கு 30. எட்டு மணி நேர வேலையில் 240. ஒற்றை அச்சு இயந்திரத்தில் ஐந்து நாள், காயவைக்க ஆறாவது நாள். திங்கட்கிழமை கேட்டு வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குத் தர முடியாது.

செலவையும் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை. மட்டை 2 ரூபாய் வீதம் 2,360. அச்சில் நிற்பவருக்கு நாள் கூலி 500 வீதம் ஐந்து நாளுக்கு 2,500. கழுவுவதற்கு இரண்டு நாள் கூலி 1,000. மின்சாரமும் கட்டுவதும் 780. மொத்தம் 6,640 ரூபாய், அதாவது தட்டுக்கு 6 ரூபாய் 64 காசு. இரட்டை அச்சானால் ஒன்று அழுந்தும்போதே மற்றொன்றில் மட்டை வைக்கலாம். அச்சுக் கூலி பாதியாகி, தட்டின் அடக்கவிலை 5 ரூபாய் 39 காசுக்கு இறங்கும். மட்டையில் மிஞ்சும் குறுகிய பகுதியைத் தூக்கியெறியாமல் சிறு கிண்ணமாக அழுத்தி விற்பதில்தான் பலருக்கு லாபமே நிற்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல், பக்கத்து ஊர்க்காரர் சொன்ன விலையையே நாமும் சொல்வது ஆபத்து.

வெளிநாட்டு ஆர்டரை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பாக்கு மரத்திலுள்ள அரிகோலின் போன்ற வேதிப்பொருட்கள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் இத்தட்டுகளை உணவுக்கு ஏற்றதாகக் கருதவில்லை என்று அறிவித்தது.

துணிப்பை

இதற்குத் தையல் இயந்திரமும் காடாத்துணியும் போதும். 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் 14 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள இரண்டு பைகள் கிடைக்கும். நீளவாக்கில் 15 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். அடியில் தையலே இல்லாததால் அங்கே பிரியாது. வாயை இரண்டு அங்குலம் மடக்கித் தைத்தால் உயரம் 16 வரும். மிஞ்சும் 9 அங்குலத் துணியில் 4 அங்குல அகலமும் 18 அங்குல நீளமுமான நான்கு பட்டைகள் எடுத்து, மடித்துத் தைத்துக் கைப்பிடியாக்கலாம். பை அறுவது பெரும்பாலும் கைப்பிடி சேருமிடத்தில்தான். அங்கே சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியும் போட்டுத் தைக்க வேண்டும்.

துணி வாங்கும்போது ஓர் இழையை எரித்துப் பாருங்கள். உருகி மணி போல உருண்டால் பிளாஸ்டிக், சாம்பலானால் பருத்தி.

காகிதப்பை

மளிகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் பழைய செய்தித்தாள் பை போகும். பஜ்ஜி, வடை போன்றவற்றுக்கு அது கூடாது. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் சேரும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் செய்தித்தாளில் உணவு கட்டுவதைத் தடை செய்கின்றன. உணவுப் பைக்கு அச்சிடாத பழுப்புக் காகிதம் வாங்க வேண்டும்.

பசைக்கு மைதா மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கண்ணாடி போலாகும் வரை கிளற வேண்டும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, உணவுப் பைக்குரிய பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்று வேண்டியதை அன்றன்று காய்ச்சினால் பூச்சி மருந்தே தேவைப்படாது.