ஒவ்வொரு வரிசைக்கும் அதன் மாவட்டம்

மாவட்டவாரியான பட்டியல் எதையாவது எடுத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் ‘நீலகிரி’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அதன் வலப்புறத்தில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அடுத்து ‘பெரம்பலூர்’ என்று இன்னொரு கட்டம். அதற்குப் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என நான்கு வட்டங்கள். கடைசியாகக் கன்னியாகுமரிக்கு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என ஆறு. காகிதத்தில் படிப்பவருக்கு இது போதும். கோடுகளைப் பார்த்தே எந்த வட்டம் எந்த மாவட்டத்துக்கு உரியது என்று கண் புரிந்துகொள்ளும்.

இதே பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்தவோ கூட்டவோ முயலும்போதுதான் சிக்கல் வருகிறது. எக்செலில் ஆறு கட்டங்களை ஒன்றாக இணைத்து ‘நீலகிரி’ என்று எழுதினால், அந்தப் பெயர் இருப்பது மேலேயுள்ள முதல் கட்டத்தில் மட்டும். மற்ற ஐந்தும் உள்ளுக்குள் காலி. இணைப்பை நீக்கினாலும், சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தாலும் அந்தக் காலி வெளியே தெரிந்துவிடும். உதகமண்டலத்துக்கு நேராக மட்டும் நீலகிரி இருக்கும். குன்னூர் முதல் பந்தலூர் வரை மாவட்டமே இல்லாமல் நிற்கும்.

அந்த நிலையில் ‘நீலகிரி’ என்று வடிகட்டினால் ஒரே ஒரு வரிசைதான் வரும். வட்டத்தின் பெயரை வைத்து அகரவரிசைப்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமும் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரும் அடுத்தடுத்து வந்து நிற்கும், இரண்டுக்கும் மாவட்டம் காலியாக. வரிசை கலைந்த பிறகு எது எதற்கு உரியது என்று கோப்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இணைப்பை நீக்காமல் வரிசைப்படுத்தப் பார்த்தால், இணைந்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி எக்செல் மறுத்துவிடும்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு வரிசையிலும் அதன் மாவட்டப் பெயரை எழுதிவிடுவது. மேலே உள்ள பெயரைக் கீழே அடுத்த பெயர் வரும்வரை இறக்கி நிரப்புவது என்று இதைச் சொல்லலாம்.

எக்செலில் நிரப்பும் முறை

நம் பட்டியலில் முதல் வரிசை தலைப்பு. A2 முதல் A17 வரை மாவட்டம், B பத்தியில் வட்டம். முதலில் A2:A17 பகுதியைத் தேர்ந்தெடுத்து Unmerge Cells கொடுங்கள். தேர்வு மாறாமல் F5 விசையை அழுத்தி, Special, பிறகு Blanks, பிறகு OK. காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். இப்போது எங்கும் சொடுக்காமல் சமக்குறியை இட்டு, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, Ctrl+Enter அழுத்துங்கள். ஒவ்வொரு காலிக் கட்டமும் தனக்கு மேலே இருப்பதை வாங்கிக்கொள்ளும்.

வேலை இன்னும் முடியவில்லை. நிரம்பியிருப்பவை பெயர்கள் அல்ல, ‘மேலே இருப்பதைக் காட்டு’ என்னும் சூத்திரங்கள். இப்படியே விட்டு வரிசைப்படுத்தினால் மேலே வேறு வட்டம் வந்து உட்காரும், மாவட்டமும் மாறிப்போகும். அதனால் A2:A17 முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் Paste Special மூலம் Values என்று ஒட்டிவிட வேண்டும். அப்போதுதான் பெயர் அந்த வரிசைக்கே சொந்தமாகும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. A2:A17 என்று தேர்ந்தெடுக்காமல் ஒரே ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு Blanks கேட்டால், எக்செல் தாள் முழுவதிலும் உள்ள காலிகளைப் பிடித்துவிடும். எண்கள் உள்ள பத்தியில் ‘தகவல் வரவில்லை’ என்று காலியாக விடப்பட்ட இடங்களிலும் மேல்வரிசை எண் இறங்கிவிடும். இரண்டாவது, காலியாகத் தெரியும் கட்டத்தில் ஓர் இடைவெளி எழுத்து ஒளிந்திருந்தால் அது காலியாகக் கணக்கில் வராது. அந்த வரிசை நிரம்பாமல் நிற்கும். மூன்றாவது, அந்தப் பத்தி Text வடிவத்தில் இருந்தால் மாவட்டப் பெயருக்குப் பதில் =A2 என்றே எழுத்தாகத் தெரியும். வடிவத்தை General ஆக்கிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

மாதாமாதம் இதே வடிவில் கோப்பு வருகிறது என்றால் எக்செலிலேயே உள்ள பவர் குவரி வசதி. பத்தியைத் தேர்ந்தெடுத்து Transform, Fill, Down. ஆனால் இது null என்று காட்டும் கட்டங்களை மட்டுமே நிரப்பும். சிஎஸ்வியிலிருந்து வந்த காலிகள் பெரும்பாலும் வெற்று எழுத்தாக வரும், அவற்றைத் தொடாது. முதலில் Replace Values மூலம் வெற்றை null ஆக்கிவிட்டு நிரப்புங்கள். கூகுள் ஷீட்ஸில் Blanks தேர்வு கிடையாது. அங்கே பக்கத்தில் ஒரு புதிய பத்தியில் இந்தச் சூத்திரத்தை இடலாம்:

```
=SCAN("",A2:A17,LAMBDA(p,c,IF(c="",p,c)))
```

ஒவ்வொரு கட்டமாக இறங்கி, பெயர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். காலி என்றால் கடைசியாகக் கண்ட பெயரையே மீண்டும் தரும்.

காலி என்றால் என்ன பொருள்?

மேலே சொன்ன எல்லா முறைகளும் ஒரே நம்பிக்கையில் இயங்குகின்றன: ‘காலி என்றால் மேலே உள்ளதே’. இந்த நம்பிக்கை எங்கே பொய்க்கிறதோ அங்கே நிரப்பலும் பொய்க்கிறது. பொய்த்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் இதிலுள்ள ஆபத்து.

பிடிஎஃப் கோப்பை எடுத்துக்கொள்வோம். அச்சுக்குத் தயாரித்த பிடிஎஃப் பக்கத்தில் பெரும்பாலும் எழுத்துகளும் கோடுகளும் அவை நிற்கும் இடங்களும்தான் இருக்கும். இணைந்த கட்டம் என்ற குறிப்பு இருக்காது. மாவட்டப் பெயரை அழகுக்காகப் பெரிய கட்டத்தின் நடுவில் வைத்திருப்பார்கள். மாற்றும் மென்பொருள் அந்தப் பெயர் எந்த வரிசைக்கு நேராக இருக்கிறதோ அங்கே போட்டுவிடும். ஆறு வரிசையின் நடுவில் இருக்கும் ‘நீலகிரி’ மூன்றாவதான கோத்தகிரியோடு ஒட்டிக்கொண்டது, ‘பெரம்பலூர்’ வேப்பந்தட்டையோடு, ‘கன்னியாகுமரி’ கல்குளத்தோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேலிருந்து கீழே நிரப்பினால் உதகமண்டலமும் குன்னூரும் மாவட்டம் இல்லாமல் நிற்கும். பெரம்பலூர் வட்டம் நீலகிரிக்குப் போய்விடும். கன்னியாகுமரி முனையே அமைந்திருக்கும் அகஸ்தீஸ்வரம் வட்டம், தோவாளையோடு சேர்ந்து பெரம்பலூர் மாவட்டத்தில் விழும். நீலகிரிக்கு ஐந்து, பெரம்பலூருக்கு ஐந்து, கன்னியாகுமரிக்கு நான்கு என்று பார்வைக்குச் சரியான பட்டியல் ஒன்று கிடைத்திருக்கும். ஊர் தெரிந்தவருக்கு உடனே உறுத்தும். பெயர்களுக்குப் பதில் வெறும் குறியீட்டு எண்கள் இருந்தால் யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. நிரப்புவதற்கு முன் முதல் தரவு வரிசையைப் பாருங்கள். அதில் மாவட்டம் காலியாக இருந்தால் பெயர்கள் நடுவில் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு, மூலப் பிடிஎஃபைத் திறந்து, கட்டக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, ஒவ்வொரு பெயரையும் அதன் முதல் வரிசைக்கு ஏற்றிய பிறகு நிரப்ப வேண்டும். பக்கம் மாறும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். ஒரு மாவட்டம் இரண்டு பக்கங்களில் பிரிந்தால் அடுத்த பக்கத்தின் தொடக்கத்திலும் இதே கோளாறு வரும். நடுவில் தலைப்பு வரிசை ஒன்றும் மறுபடி நுழைந்திருக்கும்.

இரண்டாவது பொறி, ‘மொத்தம்’ வரிசை. ஒவ்வொரு மாவட்டத்தின் முடிவிலும் மொத்தம் என்று ஒரு வரிசை இருந்து, அதன் மாவட்டக் கட்டம் காலியாக இருந்தால், நிரப்பும்போது அதுவும் ஒரு வட்டம்போல மாவட்டத்துக்குள் சேர்ந்துகொள்ளும். பிறகு மாவட்டவாரியாகக் கூட்டினால் சரியாக இரட்டிப்பு வரும். மொத்த வரிசைகளை முதலில் தனியே எடுத்துவையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், பிறகு சரிபார்க்க அவைதான் உதவும்.

எல்லையைக் கோப்பிடமே கேட்கலாம்

மூலம் எக்செல் கோப்பாகவே கையில் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. எந்தக் கட்டங்கள் இணைந்தவை என்று கோப்பே A2:A7, A8:A11, A12:A17 என எழுதி வைத்திருக்கிறது. இணைப்பை நீக்கிய கணத்தில் இந்தக் குறிப்பு அழிந்துவிடுகிறது. அதற்கு முன்பே அதைப் படித்து, அந்த எல்லைக்குள் மட்டும் நிரப்பினால், உண்மையிலேயே காலியாக விடப்பட்ட கட்டம் காலியாகவே இருக்கும். பைத்தான் தெரிந்தவர்கள் openpyxl கொண்டு ஏழு வரியில் இதைச் செய்யலாம்; ws என்பது திறந்த தாள்:

```python
for r in list(ws.merged_cells.ranges):
    if r.min_col == 1 and r.max_col == 1:
        v = ws.cell(r.min_row, 1).value
        top, bottom = r.min_row, r.max_row
        ws.unmerge_cells(str(r))
        for n in range(top, bottom + 1):
            ws.cell(n, 1).value = v
```

இணையப் பக்கத்து அட்டவணைகளிலும் ஒரு கட்டம் எத்தனை வரிசைக்கு நீள்கிறது என்பதை rowspan என்ற குறிப்பு சொல்லும். வேர்டு கோப்பும் தொடரும் கட்டங்களைக் குறித்து வைக்கிறது. ஆகவே பிடிஎஃபும் மூலக் கோப்பும் இரண்டுமே கிடைக்குமென்றால் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியில் நிரப்பினாலும் கடைசியில் எண்ணிப் பார்க்காமல் விடக்கூடாது. =COUNTBLANK(A2:A17) பூஜ்யம் காட்ட வேண்டும். =COUNTIF(A2:A17,"நீலகிரி") ஆறு, பெரம்பலூருக்கு நான்கு, கன்னியாகுமரிக்கு ஆறு. பெயர்கள் நடுவில் நின்ற பட்டியலை இந்த எண்ணிக்கை உடனே காட்டிக்கொடுக்கும். அச்சிட்ட மொத்தங்கள் இருந்தால் மாவட்டவாரியாகக் கூட்டி அவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு மாவட்டத்தில் கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் வந்தால், எல்லை நகர்ந்திருக்கிறது.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சுப் படியில் கட்டங்களை எப்படி வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளுங்கள். தரவாகக் கொடுக்கும் கோப்பில் மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் மாவட்டத்தை எழுதிவிடுங்கள். பிவட் டேபிளிலிருந்து எடுப்பவர்களுக்கு Design தாவலில் Report Layout கீழே Repeat All Item Labels என்ற தேர்வே இருக்கிறது. பட்டியலைத் தயாரிப்பவருக்கு அந்த ஒரு சொடுக்குதான் வேலை. அதைச் செய்துவிட்டால், பெறுகிற யாரும் எல்லையை ஊகிக்க வேண்டியிருக்காது.