அலுவலகம் செல்வோரின் ஆப்ஷன் வணிகத் திட்டம்

பங்குச் சந்தை காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை இயங்குகிறது. அந்நேரத்தில் பணியிலிருக்கும் வாடிக்கையாளர், ஆப்ஷன் வாங்குவதானால், முந்தைய இரவே எழுதிவைத்த திட்டத்தைத்தான் நம்ப இயலும்.

திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது நுழைவு விலை அன்று, இழக்கத்தக்க தொகை. 2,00,000 ரூபாய் ஒதுக்கிய ஒருவர், ஒரு வணிகத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று எழுதுவதாகக் கொள்வோம். லாட் ஒன்றில் 75 அலகுகள் எனில், அலகுக்கு 40 ரூபாய் இழப்பையே அவர் தாங்கலாம். ஆகவே 120 ரூபாய் பிரீமியத்தில் வாங்கினால் 80 ரூபாயில் வெளியேற வேண்டும். வரைபடத்தின்படி 60 ரூபாயே பொருத்தமான வெளியேறும் விலை என்றால் இழப்பு 4,500 ரூபாயாகும், அன்று வாங்கக்கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தேசியப் பங்குச் சந்தை 2021 முதல் ஆப்ஷன்களில் சந்தை விலையிலான ஸ்டாப் லாஸ் ஆணையை ஏற்பதில்லை. தூண்டு விலை 84, வரம்பு விலை 80 என இரண்டையும் குறிப்பிட வேண்டும். விலை ஒரே தாவலில் 80-க்குக் கீழே இறங்கினால் ஆணை நிறைவேறாமல் நின்றுவிடும். 3,000 ரூபாய் என்ற கணக்கும் பொய்த்துவிடும். எனவே மதிய உணவு வேளையில் ஆணை நிலையைப் பார்ப்பதையும், 3 மணிக்கு எந்த விலையாயினும் வெளியேறுவதையும் எழுதிக்கொள்க.

ஒப்பந்தம் முடிவுறும் நாளில் பிரீமியம் நிமிடங்களில் கரையும். அது ஓய்வு நாள். மாதக் கணக்கு முடிக்கும் நாள்களும், தொடர்ந்து இருமுறை இழந்தபின் வரும் நாளும் அவ்வாறே.