பட்டாளத்தாரின் நாலு பத்து வண்டி

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் முன்னாள் படைவீரர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரைப் ‘பட்டாளத்தார்’ என்றே அழைப்பர். நாமும் இங்கு அவ்வாறே குறிப்பிடுவோம். ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் லாரி ஓட்டி, ஹவில்தாராக 2021-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். சொந்தமாக வண்டியோ பெரிய முதலோ இல்லாதிருந்தும், இரவல் வேன் ஒன்றைக் கொண்டு அவர் ஒரு தொழிலை நிலைநிறுத்திய வரலாறு, ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கணக்கோடு அறிந்துகொள்ளத் தக்கது எனக் கருதி எழுதுகிறோம்.

அவ்வூரில் தக்காளியும் கத்தரியும் மிகுதி. நகரத்துக் காய்கறி மண்டி இருபத்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதிகாலை ஐந்தரை மணிக்கு அங்கே ஏலம் தொடங்கிவிடும். வெளியூர் லாரிகளுக்குச் சரக்கு எடுப்போர் முதல் ஒரு மணி நேரத்திலேயே வாங்கி முடித்துவிடுவதால், பின்னர் வரும் சரக்கு உள்ளூர்ச் சில்லறைக்காரர் கேட்கும் விலைக்கே போகும். ஆறு பெட்டி, எட்டுப் பெட்டி பறிக்கும் சிறு விவசாயிக்கு அந்நேரத்தில் பேருந்து கிடையாது. லோடு ஆட்டோ பிடித்தால் ஐந்நூறு ரூபாய் கேட்பர். எட்டுப் பெட்டிக்கு ஐந்நூறு என்றால் பெட்டி ஒன்றுக்கு அறுபத்திரண்டரை ரூபாய் வண்டிச் செலவாகிறது. அதற்கு அஞ்சிப் பலர் விடிந்தபின் முதல் பேருந்தில் ஏற்றிச் சென்று, ஏழரை மணி விலைக்கு விற்று வந்தனர்.

பட்டாளத்தாரின் மைத்துனர் நகருக்குச் செல்லும் சாலையில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். அவரிடம் முக்கால் டன் ஏற்றக்கூடிய சிறிய சரக்கு வேன் ஒன்று உண்டு. கடை திறப்பது காலை ஒன்பதரை மணிக்கு. அதுவரை வேன் வாசலில் சும்மா நிற்கும். 2023-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒருநாள் அவரிடம் சென்ற பட்டாளத்தார், “மாப்பிள்ளை, ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை வண்டி என்னிடம் இருக்கட்டும். ஓடும் நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வாடகை, டீசல் என்னுடையது” என்றார். “உங்களிடம் வாடகை வாங்குவதா, மச்சான்?” என்று மைத்துனர் மறுத்தும் அவர் இணங்கவில்லை. வாடகையின்றி வாங்கிய வண்டியை எந்நேரமும் திரும்பக் கேட்கலாம். வாடகை கொடுத்த வண்டியை அப்படிக் கேட்க இயலாது என்பது அவர் எண்ணம்.

வண்டியைத் தொடுமுன் அவர் அதன் இன்சூரன்சுப் பத்திரத்தைப் படித்தார். உரிமையாளர் தம் சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கான வகுப்பில் அது எடுக்கப்பட்டிருந்தது. அவ்வண்டியில் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றி விபத்து நேர்ந்தால், இழப்பீடு தர நிறுவனம் மறுக்க இடமுண்டு. ஆதலால் முதல் வேலையாக, கூலிக்குச் சரக்கு ஏற்றும் வகுப்புக்கு அதை மாற்றி, கூடுதல் பிரிமியத்தைத் தாமே செலுத்தினார். மொத்த எடை மூன்று டன்னுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. ஆனால் சரக்கு வாகனமாகப் பதிவும், தகுதிச் சான்றும், உரிய இன்சூரன்சும் இருந்தே தீர வேண்டும். இரவல் வண்டியில் தொழில் தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஒரு நடைக்கு ஆகும் செலவை அவர் ஒரு நோட்டில் எழுதினார். தோட்டங்களைச் சுற்றி மண்டிக்குப் போய்த் திரும்ப அறுபது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் வீதம் நான்கு லிட்டர் டீசலுக்குச் சுமார் 370 ரூபாய். வாடகை 250. டயர் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயாக 120. மண்டி நுழைவு, தேநீர் முதலியவற்றுக்கு 60. ஆகமொத்தம் 800 ரூபாய். பதினைந்து கிலோ பெட்டிக்கு முப்பது ரூபாய் கூலி என முடிவு செய்தார். அவ்வாறாயின் இருபத்தேழு பெட்டி ஏறினால்தான் செலவு கட்டும். எடையைக் கருதி நாற்பது பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை என்றும் வகுத்துக்கொண்டார். ஆகவே அவருடைய தொழில் முழுவதும் இருபத்தேழுக்கும் நாற்பதுக்கும் இடையிலுள்ள பதின்மூன்று பெட்டிகளில் அடங்கியிருந்தது. ஓய்வூதியத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, அது தீர்ந்தால் வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்றும் தீர்மானித்தார்.

ஊராட்சி நெற்களத்தை ஏற்றுமிடமாகப் பயன்படுத்த ஊராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தந்தது. ஒரு விளக்கும் போட்டுக் கொடுத்தது. நாலு பத்துக்கு வண்டி வரும், ஐந்து நிமிடம் நிற்கும், நாலேகாலுக்குப் புறப்படும். இதுவே ஏற்பாடு. மூன்றரை மணிக்கே எழுந்து ராணுவ வழக்கப்படி எண்ணெய், தண்ணீர், பேட்டரி, டயர்க் காற்று, விளக்கு ஆகியவற்றைப் பார்த்த பிறகே அவர் சாவியைத் திருப்புவார். பட்டாளத்தில் இதனை ‘பர்ஸ்ட் பரேடு’ என்பார்களாம். ஒவ்வொரு நடைக்கும் கிலோமீட்டரையும் டீசலையும் நோட்டில் பதிவார்.

முதல் வாரத்தில் ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் பெட்டிகள் நாலு இருபதுக்குக் களத்துக்கு வந்தன. வண்டி போய்விட்டிருந்தது. உறுப்பினர் நம் அலுவலகத்துக்கே வந்து முறையிட்டார். நாமும், ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாமே என்று பட்டாளத்தாரிடம் சொன்னோம். “ஐயா, ஒருவருக்காக ஐந்து நிமிடம் நின்றால் நாளை எல்லோரும் ஐந்து நிமிடம் பிந்துவார்கள். ஏலத்துக்குப் பிந்திப் போனால் பத்துப் பேர் நஷ்டப்படுவார்கள்” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. உறுப்பினர் அடுத்த நடைக்கு நான்கு மணிக்கே வந்துவிட்டார் என்று பிற்பாடு அறிந்தோம்.

ஆயினும் ஒழுங்கு மட்டும் பெட்டியை நிரப்பிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் ஞாயிறு தவிர நாள்தோறும் ஓடியும் சராசரி பதின்மூன்று பெட்டிகளே சேர்ந்தன. நாளொன்றுக்கு 410 ரூபாய் வீதம் பன்னிரண்டு நாளில் ஏறத்தாழ ஐயாயிரம் போயிற்று. ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்தது. அப்போது நோட்டைப் புரட்டியவர் ஒன்றைக் கவனித்தார். எந்த விவசாயியும் தொடர்ந்து இரண்டு நாள் பெட்டி கொடுத்ததில்லை. தக்காளியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதானே பறிக்கிறோம்! பறிப்பு இல்லாத தோட்டத்துக்கு வண்டி போய் என்ன பயன்? உடனே திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாளாகக் குறைத்து, சாவடிச் சுவரில் சுண்ணாம்பினால் எழுதி வைத்தார். பறிப்பும் அந்நாட்களுக்கு முந்திய மாலைகளுக்கு மாறியது. வாரத்துக்கு வந்த அதே எழுபத்தெட்டுப் பெட்டி மூன்று நடையில் இருபத்தாறாக நிரம்பியது. இருபது ரூபாய்தான் குறைந்தது. பக்கத்து ஊரின் நிறுத்தம் ஒன்றைப் போகும் வழியிலேயே சேர்த்தவுடன் சராசரி முப்பத்தெட்டாயிற்று. நடைக்கு 340 ரூபாய் மிஞ்சியது.

விவசாயிகள் வண்டியுடன் போவதில்லை. பின்புறத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்ட மூதாட்டியைக்கூட முன்னிருக்கையில் தம் பக்கத்தில்தான் அமர்த்தினார். உரியவர் இல்லாமல் பொருள் விற்கும்போது நம்பிக்கை எவ்வாறு நிற்கும்? ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து அதைப் பெட்டியில் எழுதச் செய்தார். களத்திலேயே எடை போட்டுக் குறித்தார். மண்டியில் அவரவர் பெயருக்குத் தனிச் சீட்டு வாங்கி, பணத்தையும் சீட்டையும் ஓர் உறையிலிட்டு ஒன்பது மணிக்குள் கொடுத்துக் கையெழுத்துப் பெற்றார். ஒருமுறை ஒரு விவசாயியின் பெட்டிகள் களத்தில் பதினாறு கிலோவும் மண்டிச் சீட்டில் பதினான்குமாக இருந்தன. திருட்டு என்று பேச்சு எழுந்தது. ஆராய்ந்ததில், விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பியதால் மேற்பெட்டி அழுத்திப் பழம் நசுங்கியதும், நசுங்கியதை மண்டிக்காரர் கழித்துவிட்டதும் தெரிந்தன. அதுமுதல் பெட்டியை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தி நிரப்புகின்றனர்.

மிகப் பெரிய சோதனை ஆவணியில் வந்தது. உறவினர் திருமணத்துக்குப் பாத்திரம் ஏற்றிச் சென்ற மைத்துனர், வேனை இரவில் திருப்பித் தரவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. களத்தில் முப்பத்தொரு பெட்டி அடுக்கியாயிற்று. பட்டாளத்தார் மூன்றரை மணிக்கு நகரத்து வாடகை வண்டி ஒன்றை 1,400 ரூபாய்க்குப் பேசி வரவழைத்தார். விவசாயிகளிடம் வழக்கமான முப்பது ரூபாயே வாங்கினார். கிடைத்தது 930, கைநட்டம் 470. அன்று மாலையே மைத்துனரும் அவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டனர்: ஓடும் நாளுக்கு முந்திய இரவு எட்டு மணிக்குச் சாவி வர வேண்டும், வராவிட்டால் மாற்று வண்டியால் நேரும் நட்டம் மைத்துனருடையது. உறவினருக்குள் எழுத்து எதற்கு என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அதன் பின்னர் ஒருநாளும் சாவி தவறவில்லை.

விலை வீழ்ச்சிக்கு மட்டும் அவரிடம் மருந்தில்லை. கிலோ ஆறு ரூபாய்க்கு இறங்கினால் பெட்டி தொண்ணூறு ரூபாய். அதில் தரகு ஒன்பது, வண்டிக் கூலி முப்பது, பறிகூலி இருபது போக முப்பத்தொன்றே மிஞ்சும்; உரச்செலவுக்கும் அது காணாது. பலர் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவர். அவ்வாறான ஒரு மாதம் முழுவதும் பதினைந்து பெட்டியுடன் அவர் பதின்மூன்று நடை ஓடி நாலாயிரத்தைந்நூறு ரூபாய் இழந்தார். புதன்கிழமை நடையை அப்போது நிறுத்தியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. சொல்லியும் பார்த்தோம், கேட்கவில்லை. அடுத்த வீழ்ச்சியின்போது கத்தரி, முருங்கை மூட்டைகளை முன்கூட்டியே பேசிச் சேர்த்துக்கொண்டார். நட்டம் பாதியாகக் குறைந்தது.

சொந்த வேன் வாங்கலாமே என்று நாமே அவருக்கு யோசனை கூறினோம். முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும், முப்பது விழுக்காடு மூலதன மானியமும் அளிக்கும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். ஆறு லட்சம் கடனை ஐந்தாண்டில் அடைக்கப் பத்து விழுக்காடு வட்டியில் மாதத் தவணை சுமார் 12,700 ரூபாய். மானியம் கழித்து நாலேகால் லட்சமே கடன் என்று வைத்தாலும் ஒன்பதாயிரம். இப்போது கொடுக்கும் வாடகையோ பதின்மூன்று நடைக்கு 3,250.

“காலை ஒன்பது மணிக்குமேல் அந்த வண்டிக்கு என்ன வேலை என்று முதலில் கண்டுபிடிக்கிறேன், ஐயா. பிறகு மனு எழுதுவோம்” என்றார். தற்சமயம் பிற்பகலில் மாட்டுத் தீவனம் ஏற்றிவர ஆள் தேடும் பால் சங்கம் ஒன்றுடன் பேசிவருகிறார்.