புகைப்படத்தில் வந்த புராஜெக்ட் தாளும் பத்து மதிப்பெண்ணும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை அனுப்பியிருந்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்து பழகியவர். பிள்ளைகளுக்குக் கொடுத்த புராஜெக்ட் தாளை மேசை விளக்கின் கீழ் வைத்து எடுத்திருக்கிறார். கையின் நிழல் பாதித் தாளை மறைத்திருந்தது, ஓர் ஓரம் படத்துக்குள் வரவில்லை. கீழே ஒரு வரி: "டீச்சர், அடுத்த வாரம் முப்பத்தெட்டு சார்ட் வந்துவிடும். எதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று ஒரு அளவுகோல் எழுதிக் கொடுங்களேன்."

தாளின் தலைப்பு 'எங்கள் வீட்டுத் தண்ணீர்'. வீட்டில் செலவாகும் தண்ணீரை ஒரு வாரம் குடக் கணக்கில் குறித்து அட்டவணையாக்க வேண்டும். அதை லிட்டராக்கி, ஓர் ஆளுக்கு ஒரு நாள் சராசரி காண வேண்டும். பட்டை வரைபடம் வரைய வேண்டும். எதற்கு அதிகம் செலவாகிறது, ஏன் என்று எழுதி, சேமிக்க இரண்டு வழி சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சார்ட்டில் அழகாக ஒட்டி வர வேண்டும்.

இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் நேராக மதிப்பெண்ணைப் பிரிக்கத் தொடங்கக் கூடாது. முதலில் தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு வெள்ளைத் தாளில் பெயர்த்து எழுத வேண்டும். தெளிவில்லாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். நான் எழுதியபோது இரண்டு கேள்விக்குறிகள் விழுந்தன. முதலாவது நாள்களின் எண்ணிக்கை. கையெழுத்தில் 7-ம் 1-ம் ஒன்றுபோல இருந்தன. 'ஒரு வாரம்' என்று வேறோர் இடத்தில் இருந்ததால் 7 என்று உறுதியானது. இரண்டாவது மொத்த மதிப்பெண். '1' தெரிந்தது, அடுத்த இலக்கம் படத்துக்கு வெளியே போயிருந்தது. பத்தா, பதினைந்தா? பதினைந்து என்று எண்ணி எழுதியிருந்தால் மறுநாள் முழுவதையும் கிழித்துப் போட வேண்டியிருக்கும். கேட்டேன். பத்துதான். தமிழகப் பள்ளிகளில் 2012-ல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டில் ஒரு செயல்பாட்டுக்குப் பத்து என்பது ஆசிரியர்களுக்குப் பழகிய கணக்கு.

பத்து சிறிய எண். அதை ஏழெட்டுத் தலைப்புக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஒன்றரை என்று போகும். அரை மதிப்பெண்ணுக்காக ஆசிரியரும் பிள்ளையும் வாதாடுவதுதான் மிஞ்சும். நான்கு தலைப்புக்கு மேல் போகாதே என்பது என் வழக்கம். அந்த நான்கையும் தாளின் வினைச்சொற்களிலிருந்தே எடுக்கலாம். குறி, கணக்கிடு, வரை, விளக்கு. மிஞ்சுவது 'அழகாக ஒட்டு'.

இந்தக் கடைசி வினைச்சொல்லில்தான் நாங்கள் அன்றிரவு நெடுநேரம் நின்றோம். அழகுக்கு இரண்டு மதிப்பெண் வைக்க ஆசிரியைக்கு ஆசை. "வைக்காவிட்டால் கசக்கி எடுத்து வருவார்கள் டீச்சர்" என்றார். அந்த பயம் நியாயமானதுதான். ஆனால் சார்ட்டின் அழகில் தெரிவது பல நேரங்களில் ஸ்டேஷனரிக் கடையின் மினுக்குப் பேனாவும், கையெழுத்து நன்றாயுள்ள அக்காவின் உழைப்பும்தான். சூசன் புரூக்ஹார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ரூப்ரிக் பற்றி எழுதியவற்றில் ஒன்றை வற்புறுத்துகிறார்: செய்து தந்த பொருளை அளக்காதீர்கள், அந்தப் பொருளில் தெரியும் கற்றலை அளங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த வேலையில் கற்க வேண்டியது அளத்தல், சராசரி, வரைபடம், காரணம் கண்டறிதல். ஒட்டுவது அதில் இல்லை. முடிவில் அழகை எடுத்துவிட்டு, 'படிக்க முடியாவிட்டால் திருப்பித் தரப்படும், மறுபடி எழுதி வர வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தோம். கசங்கிய தாளுக்கு மருந்து மறுபடி எழுதுவது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் பிள்ளைக்குச் சராசரி தெரியாது என்று பதிவேட்டில் பொய் ஏறும்.

பங்கீடு இப்படி வந்தது: தரவு திரட்டலுக்கு 3, கணக்குக்கு 2, வரைபடத்துக்கு 2, காரணமும் வழியும் சொல்வதற்கு 3. கணக்குக்குக் குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பெருக்கலையும் வகுத்தலையும் கணக்குத் தேர்வு வேறு சோதித்துக்கொண்டேயிருக்கிறது. ஏழு நாள் பொறுமையாகக் குறித்து வைப்பதை வேறெந்தத் தேர்வும் சோதிப்பதில்லை.

அடுத்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதற்கு என்று எழுத வேண்டும். முதல் தடவை தரவுக்கு நான் எழுதியது தவறு. '3: ஏழு நாளும் குறித்து, வேலைவாரியாகப் பிரித்து, குடத்தின் கொள்ளளவை அளந்து எழுதியிருக்கிறது. 2: ஓரளவு. 1: குறைவு.' ஏழு நாளும் குறித்து, கொள்ளளவு அளந்து, வேலைவாரியாக மட்டும் பிரிக்காத பிள்ளைக்கு எத்தனை? 'ஓரளவு' என்ற சொல் அதற்கு விடை சொல்லாது. அது ஆசிரியரின் அன்றைய மனநிலையைத்தான் கேட்கும். மூன்று நிபந்தனைகளை ஒரு வரியில் கோத்ததே பிழை. அவற்றைப் பிரித்தேன். ஏழு நாளும் இருந்தால் ஒன்று. குளியல், சமையல், துணி, பாத்திரம் என்று பிரித்திருந்தால் ஒன்று. கொள்ளளவு எப்படித் தெரிந்தது என்று எழுதியிருந்தால் ஒன்று. இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு இப்படித் தனித்தனி மதிப்பெண் போதும்.

காரணம் சொல்லும் பகுதிக்கு அது பொருந்தாது. அங்கே இருக்கிறதா என்பதை விட எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அதனால் படிநிலை வேண்டும். 'மழைநீர் உயிர்நீர்', 'சிக்கனமாகப் பயன்படுத்துவோம்' போன்ற பொதுவான வாசகம் மட்டும் இருந்தால் 1. தன் வீட்டில் நடப்பதைச் சொல்லி, அட்டவணையிலுள்ள எண்ணோடு சேர்க்காவிட்டால் 2. 'துணி துவைக்க நாளைக்குப் பத்துக் குடம் போகிறது, அலசிய தண்ணீரை அப்படியே கொட்டுகிறோம், அதைக் கழிவறைக்கு எடுத்தால் நாலு குடம் மிஞ்சும்' என்று தன் எண்ணிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து வழிக்கும் வந்தால் 3. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரி வாக்கியத்தை அளவுகோலிலேயே எழுதிவைத்தோம். 'நன்று', 'மிக நன்று' என்ற சொற்களை விட ஒரு மாதிரி வாக்கியம் திருத்துகிறவரின் கையைச் சரியாகப் பிடிக்கும்.

எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. ஒரே விடைத்தாளுக்கு வேறுவேறு ஆசிரியர் எவ்வளவு வேறுபட்ட மதிப்பெண் போடுவார்கள் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்ற இருவர், இரண்டு ஆங்கில விடைத்தாள்களின் படிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண்ணுக்கும் மேல் வித்தியாசம் வந்தது. மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். கணக்காயிற்றே, ஒத்துவரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அதில் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது.

ஆகவே ஆசிரியை முன்கூட்டியே வந்துவிட்ட மூன்று சார்ட்டுகளைப் படமெடுத்து அனுப்பினார். இருவரும் தனித்தனியே திருத்தினோம். இரண்டு சார்ட்டுகளில் அரை மதிப்பெண்கூட வேறுபடவில்லை. மூன்றாவதற்கு அவர் 8 போட்டார், நான் 6.

அந்த வீட்டில் ஐந்து பேர். குடம் 14 லிட்டர், நாளைக்கு 30 குடம். வாரத்துக்கு 210 குடம், 2,940 லிட்டர். ஏழால் வகுத்தால் 420, அதை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 84 லிட்டர். பிள்ளை ஏழால் மட்டும் வகுத்து நிறுத்திவிட்டு, 420-ஐ 'ஓர் ஆளுக்கு' என்று எழுதியிருந்தது. வரைபடத்திலும் 420-க்குப் பட்டை. விளக்கத்திலும் 'நான் தினம் 420 லிட்டர் செலவழிக்கிறேன்.' நான் மூன்று இடத்திலும் ஒவ்வொன்று குறைத்தேன். ஆசிரியை கணக்கில் மட்டும் குறைத்தார். அவர் செய்ததுதான் சரி. ஒரு பிழைக்கு ஒரு தண்டனை. பிழையான எண்ணை வைத்துச் சரியாக வரைந்தால் வரைபடத்துக்கு முழு மதிப்பெண் என்று ஒரு வரி சேர்ந்தது. அதோடு கணக்கின் இரண்டு மதிப்பெண்ணையும் பிரித்தோம்: லிட்டராக மாற்றியதற்கு ஒன்று, நாளாலும் ஆளாலும் வகுத்ததற்கு ஒன்று. விடையை நம்பலாமா என்று பார்க்க ஒரு குறிப்பும் வைத்தோம். நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டரும் அரசு வைத்துள்ள அளவு. 420 என்று வந்தால் பிள்ளையே ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் இன்னொரு வலை உண்டு. செங்குத்துக் கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 25 குடத்தில் தொடங்கினால், 28-க்கும் 31-க்கும் உள்ள சிறு வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். அழகான சார்ட்டிலும் இந்தப் பிழை இருக்கும், அழகைப் பார்க்கிற கண்ணுக்குப் படாது. ஆகவே ஒரு மதிப்பெண் பூஜ்யத்தில் தொடங்கும் சமமான அளவுத்திட்டத்துக்கு. மற்றொன்று அச்சுகளின் பெயருக்கும், பட்டைகள் அட்டவணையோடு ஒத்திருப்பதற்கும்.

தாளிலேயே ஒரு குறை இருந்தது. எல்லார் வீட்டிலும் குடம் இருப்பதாக அது எண்ணிக்கொண்டது. மாடித் தொட்டியும் குழாயும் உள்ள வீட்டுப் பிள்ளை எதை எண்ணும்? மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் பிடித்த நாளைக் குறித்தால் ஒரு நாள் அறுபது, மறுநாள் சுழி. அளவுகோலில் 'குடம், வாளி, தொட்டி எதுவாயினும் சரி. பிடித்ததை அல்ல, செலவழித்ததைக் குறிக்க வேண்டும்' என்று எழுதினோம்.

ஆனால் பிள்ளைகள் கையில் இருப்பது பழைய தாள். குடத்தை அளக்கச் சொல்லாத தாளுக்கு, அளந்ததற்கென்று ஒரு மதிப்பெண் வைப்பது அநியாயம். தாளில் இல்லாத எதற்கும் மதிப்பெண் வைத்தால் கடைசி நாளுக்கு முன் வகுப்பில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். ஆசிரியை திங்களன்றே சொன்னார். அளவுகோலைப் பிள்ளைகள் பேச்சில் மாற்றி எழுதி, படியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். குடத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணுங்கள் என்றும் காட்டினார்.

புதன்கிழமை ஒரு பையன் சார்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றானாம். "மிஸ், எங்க குடம் பதினைஞ்சு லிட்டர் இல்ல, பன்னிரண்டரைதான். எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை தரட்டுமா?"